எரிந்தால் யாருடைய பொருள்? ஸ்கேன் இயந்திரம், வங்கிக் கடன், லீஸ்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.



வட்டியைத் தவிர்க்க விரும்பும் நம் சமுதாயத்துத் தொழில்முனைவோரிடையே ஒரு கருத்து பரவலாக இருக்கிறது. வங்கியில் கடன் வாங்கினால் வட்டி, அதே பொருளை லீஸுக்கு எடுத்தால் வாடகை, வாடகை ஹலால், ஆகவே லீஸ் ஹலால் என்பதே அது. இக்கருத்தின் முதற்பகுதி சரி. வாடகை ஹலால்தான். ஆனால் 'லீஸ்' என்று தலைப்பிட்டு வரும் ஒவ்வொரு ஒப்பந்தமும் வாடகை ஒப்பந்தம் ஆகிவிடுவதில்லை. எங்கள் சிறிய மருத்துவமனைக்கு ஒரு ஸ்கேன் இயந்திரம் வாங்க முற்பட்டபோது மூன்று விதமான தாள்கள் எங்கள் மேசைக்கு வந்தன. அவற்றை வரிக்கு வரி படித்தபோது அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் கணவன், மனைவி இருவருமே மருத்துவர்கள். ஒருவர் பொதுமருத்துவம், மற்றவர் மகப்பேறு மருத்துவம் பார்க்கிறோம். எங்கள் மருத்துவமனையில் 11 ஆண்டுகளாக உழைத்த பழைய ஸ்கேன் இயந்திரம் நின்றுபோயிற்று. உதிரிபாகம் இனிக் கிடைக்காது என்று நிறுவனம் எழுத்து மூலமாகத் தெரிவித்துவிட்டது. மாதம் ஏறத்தாழ 90 ஸ்கேன்கள் அதில் பார்த்துவந்தோம். அது நின்ற நாள் முதல் கர்ப்பிணிப் பெண்கள் 18 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்துக்குப் பேருந்தில் செல்ல நேர்ந்தது. ஆறாவது, ஏழாவது வாரத்தில் அடிவயிற்று வலியோடு வரும் பெண்ணுக்குக் கரு கருப்பையில் தங்கியிருக்கிறதா, குழாயில் தங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவரைப் பேருந்தில் ஏற்றி அனுப்புவது எங்களுக்கு மிகவும் கடினமாக இருந்தது.

நாங்கள் தேர்ந்தெடுத்த கலர் டாப்ளர் இயந்திரத்தின் விலைப்புள்ளி 12,00,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகை மருத்துவக் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. ஆக மொத்தம் 12,60,000 ரூபாய். எங்களிடம் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகக் கையிருப்பு இருந்தது.

மேசைக்கு வந்த மூன்று தாள்கள்

முதலாவது, வங்கிக் கடன். 2,60,000 ரூபாயை நாங்கள் போட வேண்டும். மீதி 10,00,000 ரூபாயை ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டியில் வங்கி தரும். 60 மாதங்கள், மாதத் தவணை 21,742 ரூபாய். தவணைகளின் கூட்டுத்தொகை 13,04,520 ரூபாய். இதில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டது வட்டி. இதைப் பற்றி மார்க்க அளவில் விவாதிக்க எதுவுமில்லை. அல்பகரா அத்தியாயத்தின் 275ஆம் வசனம் வணிகத்தை அனுமதித்து வட்டியைத் தடுத்திருக்கிறது. வட்டி வாங்குபவரை மட்டுமன்றி, கொடுப்பவரையும் எழுதுபவரையும் சாட்சி நிற்பவர்களையும் சேர்த்தே நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறது.

இரண்டாவது, ஒரு நிதி நிறுவனத்தின் லீஸ். நிறுவனமே இயந்திரத்தை வாங்கி எங்களுக்கு லீஸுக்குத் தரும். 60 மாதங்கள், மாத வாடகை 25,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. 1,250 ரூபாய். மூன்று மாத வாடகையான 75,000 ரூபாய் முன்பணம். அது இறுதியில் திரும்பி வரும். காலம் முடிந்ததும் 60,000 ரூபாயும் வரியும் கொடுத்தால் இயந்திரம் எங்களுடையதாகிவிடும். பெருந்தொகையை முதலில் கொடுக்க வேண்டியதில்லை. வட்டி என்ற சொல் அந்தத் தாளின் முதற்பக்கத்தில் எங்குமே இல்லை.

மூன்றாவது, ஸ்கேன் இயந்திரங்களை விற்றும் பழுதுபார்த்தும் வரும் ஒரு விநியோகஸ்தரின் வாடகைத் திட்டம். 36 மாதங்கள், மாதம் 30,000 ரூபாய், வரியோடு 31,500 ரூபாய். பராமரிப்பு அவருடையது. காலம் முடிந்ததும் இயந்திரம் அவரிடமே திரும்பிச் சென்றுவிடும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டாவது திட்டமே சிறந்தது என்று தோன்றும். மூன்றாவதைவிட மாதம் 5,250 ரூபாய் குறைவு. இறுதியில் இயந்திரமும் நமக்கே கிடைக்கிறது. எங்கள் உறவினர்களில் பெரும்பாலோரும் அதையே பரிந்துரைத்தார்கள். நாங்கள் அந்த ஒப்பந்தத்தின் முழு வரைவையும் வாங்கி, ஃபிக்ஹில் தேர்ந்த ஓர் ஆலிமிடம் எடுத்துச்சென்றோம்.

ஹஜ்ரத் கேட்ட கேள்வி

ஹஜ்ரத் அவர்கள் வாடகை எவ்வளவு என்று கேட்கவில்லை. "மின்கசிவு ஏற்பட்டு இயந்திரம் எரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் தவறு ஏதுமில்லை. எரிந்தது யாருடைய பொருள், டாக்டர்? இந்தத் தாளில் அதற்கு என்ன பதில் இருக்கிறது என்று தேடுங்கள்" என்றார்கள்.

இருபத்து நான்கு பக்கங்களில் பதினேழாவது பக்கத்தில் பதில் இருந்தது. இயந்திரம் எக்காரணத்தால் அழிந்தாலும் மீதமுள்ள மாதங்களின் வாடகை முழுவதையும் நாங்கள் உடனே செலுத்த வேண்டும். காப்பீட்டுத் தொகை வந்தால் அது நிறுவனத்துக்கே சேரும். போதாத தொகையை நாங்கள் ஈடுகட்ட வேண்டும். எனவே காகிதத்தில் பொருள் அவர்களுடையது. எரியும்போது மட்டும் அது எங்களுடையது.

இஜாரா என்றால் என்ன என்பதை ஹஜ்ரத் அவர்கள் அப்போது விளக்கினார்கள். இஜாராவில் விற்கப்படுவது பொருளன்று, பொருளின் பயன். பொருள் உரிமையாளரிடமே இருக்கிறது. பயன் கிடைக்கும் வரைக்கும்தான் வாடகை. பொருள் அழிந்தால் பயனும் அழிகிறது. பயன் அழிந்தால் ஒப்பந்தமும் முடிகிறது. வாடகைக்கு எடுத்தவர் அமானிதக்காரர். அவருடைய அலட்சியத்தாலோ வரம்புமீறலாலோ சேதம் நேர்ந்தால் மட்டுமே அவர் ஈடு கொடுக்க வேண்டும். உரிமையாளர் வாடகை பெறத் தகுதி உடையவராவது, பொருளின் இழப்பை அவர் தாங்குவதால்தான். அந்த இழப்பை அவர் நம் தலையில் ஏற்றிவிட்டு வாடகையை மட்டும் பெற்றுக்கொண்டால், அவர் கொடுத்தது இயந்திரமன்று, பணம். கொடுத்த பணத்துக்குமேல் கால அளவைக் கொண்டு அவர் பெறும் அதிகப்படியை எந்தப் பெயரிட்டு அழைத்தாலும் அதன் தன்மை மாறாது.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு வரைவை மறுபடியும் படித்தோம். அதே தன்மை வேறு மூன்று இடங்களிலும் தென்பட்டது.

வாடகை தொடங்கும் நாள் முதல் இடம். நிறுவனம் விற்பனையாளருக்குப் பணம் செலுத்திய நாளிலிருந்தே வாடகை ஓடத் தொடங்கும் என்று எழுதியிருந்தது. ஸ்கேன் இயந்திரத்தைப் பொறுத்தவரை இது சிறிய செய்தியன்று. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தின் விதிகளின்படி, மருத்துவமனையில் இயந்திரத்தை மாற்றுவதற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்பே உரிய அதிகாரிக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றிதழைப் புதுப்பித்துப் பெற வேண்டும். அது கைக்கு வரும்வரை இயந்திரம் உறை பிரிக்காமல் நிற்கும். அந்த நாட்களுக்கும் வாடகை கேட்பது, பணம் வெளியே போன நாளைக் கணக்கிடும் கடன்காரரின் வழக்கமே தவிர, பயனை ஒப்படைத்த நாளைக் கணக்கிடும் உரிமையாளரின் வழக்கமன்று.

பழுதுபார்ப்பு இரண்டாவது இடம். எல்லாப் பழுதும் எங்கள் செலவு. இயந்திரம் எத்தனை நாள் வேலை செய்யாமல் கிடந்தாலும் வாடகை குறையாது. ஃபிக்ஹில் இதற்கு ஒரு தெளிவான பிரிப்பு உண்டு. ஜெல் வாங்குவது, அச்சுத்தாள் வாங்குவது, வடிகட்டியைத் துடைப்பது போன்ற அன்றாடச் செலவுகள் பயன்படுத்துபவருடையவை. இயந்திரம் இயங்குவதற்கே அடிப்படையானவற்றைப் பழுதுபார்ப்பது உரிமையாளருடையது.

தாமதக் கட்டணம் மூன்றாவது இடம். தவணை தவறினால் மாதம் 2 விழுக்காடு கூடுதல், அதுவும் நிறுவனத்தின் வருமானமாக. அல்பகரா அத்தியாயத்தின் 280ஆம் வசனம் இயலாத கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. இங்கோ அவகாசத்துக்கு விலை வைக்கப்பட்டிருந்தது.

இவை ஹஜ்ரத் ஒருவரின் தனிப்பட்ட கருத்துகள் அல்ல. 2000ஆம் ஆண்டு ரியாதில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, உரிமை மாற்றத்தில் முடியும் இஜாராவைப் பற்றி ஆராய்ந்து இதையே முடிவாக அறிவித்தது. வாடகை உண்மையான வாடகையாக இருக்க வேண்டும், விற்பனையை மறைக்கும் திரையாக இருக்கக் கூடாது. பொருளின் இழப்பும், காப்பீடு இருந்தால் அதன் செலவும், அன்றாடம் அல்லாத பராமரிப்பும் உரிமையாளரைச் சார வேண்டும். வாடகையும் பின்னால் வரும் விற்பனையும் தனித்தனி ஒப்பந்தங்களாக இருக்க வேண்டும் என்பவை அதன் சாரம்.

நாங்கள் அந்த நிதி நிறுவனத்திடம் சென்று பேசினோம். வாடகை தொடங்கும் நாளை மாற்ற அவர்கள் இசைந்தார்கள். தாமதக் கட்டணத்தைக் குறைக்கவும் முன்வந்தார்கள். ஆனால் இயந்திரம் அழிந்தால் இழப்பு உங்களுடையது என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டபோது, அங்கிருந்த அதிகாரி மிகுந்த மரியாதையோடு உண்மையைச் சொன்னார். "சார், எங்களுக்கு ஸ்கேன் இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாங்கள் பணத்தைக் கொடுத்து வாங்குகிறவர்கள். அந்தப் பொருளின் பொறுப்பை எடுத்தால் எங்கள் கணக்கே மாறிவிடும்" என்றார். அந்த ஒப்பந்தம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

நிர்ப்பந்தம் இருந்ததா?

மருத்துவம் உயிர் காக்கும் பணியாயிற்றே, நிர்ப்பந்த நிலையில் விலக்கு இல்லையா என்று சிலர் கேட்டார்கள். நாங்களும் அதை ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டோம். பதினெட்டு கிலோமீட்டரில் வேறு ஸ்கேன் நிலையம் இருப்பதையும், கையிருப்பில் வாங்கக்கூடிய பழைய இயந்திரங்கள் சந்தையில் இருப்பதையும் அவர்கள் கேட்டறிந்தார்கள். வழி அடைபட்டால்தான் நிர்ப்பந்தம். வழி நீளமாக இருப்பது நிர்ப்பந்தமன்று என்றார்கள்.

இந்தியாவில் இதற்கென இஸ்லாமிய வங்கி கிடையாது. வட்டியில்லா வங்கிமுறையைக் கொண்டுவரும் யோசனையை மேற்கொண்டு எடுத்துச்செல்வதில்லை என 2017இல் ரிசர்வ் வங்கி முடிவு செய்துவிட்டது. ஆகவே வங்கியின் வாசலில் நின்று விடை தேடிப் பயனில்லை. பொருளை வைத்து வணிகம் செய்பவரின் வாசலில்தான் தேட வேண்டியிருந்தது.

அவ்வாறு தேடியபோது தவணை விற்பனை என்ற வழியும் கிடைத்தது. ஒரு விற்பனையாளர் அதே இயந்திரத்தை 13,50,000 ரூபாய் என்ற ஒரே நிலையான விலைக்கு, 12 மாதத் தவணையில் தர முன்வந்தார். ரொக்க விலையைவிடத் தவணை விலை கூடுதலாக இருப்பது, விலை முதலிலேயே ஒன்றாக முடிவாகி, தாமதமானாலும் கூடாமல் இருக்கும்வரை, பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்களிடம் அனுமதிக்கப்பட்டதே. ஆனால் மாதம் 1,12,500 ரூபாய் கட்ட எங்கள் வரவு இடம் தரவில்லை. கையிருப்பு அதிகமுள்ளவர்களுக்கு இது நல்ல வழியாக இருக்கக்கூடும்.

விநியோகஸ்தரின் வாடகைத் திட்டம்

மூன்றாவது தாளை எடுத்துக்கொண்டு மீண்டும் ஹஜ்ரத் அவர்களிடம் சென்றோம். எரிந்தால் யாருடைய பொருள் என்ற கேள்விக்கு அதில் சரியான பதில் இருந்தது. இயந்திரம் விநியோகஸ்தருடையது, காப்பீடு செய்வதும் அவருடைய பொறுப்பு, எங்கள் அலட்சியத்தால் நேரும் சேதத்துக்கு மட்டும் நாங்கள் பொறுப்பு. ஆயினும் நான்கு திருத்தங்கள் தேவைப்பட்டன.

பதிவுச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டு, இயந்திரம் பொருத்தப்பட்டு, முதல் சோதனை ஸ்கேன் சரியாக அமைந்த நாளிலிருந்தே வாடகை என்று எழுதிக்கொண்டோம். பழுது என்று தகவல் கொடுத்து மூன்று நாட்களுக்குள் சரிசெய்யப்படாவிட்டால், நான்காம் நாள் முதல் வாடகை கழிக்கப்படும் என்று சேர்த்தோம். தாமதத்துக்கு ஆண்டுக்கு 24 விழுக்காடு வட்டி என்றிருந்த வரியை நீக்கி, இரண்டு மாத வாடகை நிலுவையானால் அவர் இயந்திரத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றினோம். 12 மாதங்களுக்குப் பின், மூன்று மாத முன்னறிவிப்போடு நாங்களும் திருப்பித் தரலாம் என்றும் எழுதினோம். இறுதியில் விற்பதாகவோ வாங்குவதாகவோ எந்த உறுதியும் இல்லை. 36ஆம் மாதத்தில் இருவருக்கும் விருப்பமிருந்தால் அன்றைய சந்தை விலையில் அது தனி வணிகம்.

அதே நேரத்தில் எங்கள் பக்கத்துப் பொறுப்பையும் ஹஜ்ரத் அவர்கள் விட்டுவைக்கவில்லை. கர்ப்பிணிகளின் ஸ்கேனுக்கு நிரப்ப வேண்டிய படிவம் எஃப்-இல் நாங்கள் தவறு செய்து, அதனால் அதிகாரிகள் இயந்திரத்துக்கு முத்திரையிட்டால், அந்த நாட்களின் வாடகை எங்களுடையது என்று எழுதச் செய்தார்கள். அவருடைய பொருளின் பயனை நாம் நம் பிழையால் இழந்தால் அதற்கு அவர் பொறுப்பாக முடியாது.

கணக்கு

எதையும் கூட்டிப் பார்க்காமல் ஹலால் என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவெடுப்பது தொழிலுக்கு நல்லதன்று. ஆகவே மூன்றையும் ஐந்து ஆண்டுகள் என்ற ஒரே அளவில் வைத்துப் பார்த்தோம்.

கடனில், எங்கள் பணமும் தவணைகளும் சேர்ந்து 15,64,520 ரூபாய். முதல் ஆண்டு உத்தரவாதத்துக்குப் பின் நான்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், ஆண்டுக்கு 60,000 வீதம் 2,40,000. காப்பீடு ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 30,000. மொத்தம் 18,34,520 ரூபாய். கையில் ஐந்தாண்டுப் பழைய இயந்திரம்.

நிதி நிறுவன லீஸில், வாடகையும் வரியும் 15,75,000. இறுதியில் வாங்க வரியோடு 63,000. பராமரிப்பும் காப்பீடும் அதே 2,70,000. மொத்தம் 19,08,000 ரூபாய். கையில் அதே பழைய இயந்திரம்.

விநியோகஸ்தரின் வாடகையை அதே விகிதத்தில் 60 மாதங்களுக்கு நீட்டிப் பார்த்தால் 18,90,000 ரூபாய். பராமரிப்பும் காப்பீடும் இதற்குள் அடக்கம். ஆனால் கையில் இயந்திரம் இல்லை.

பழைய இயந்திரம் மூன்று லட்சத்துக்கு விலைபோகும் என்று கொண்டால், உண்மையான வாடகை கடனைவிட ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய் கூடுதல். மாதத்துக்கு ஆறாயிரம் ரூபாய். இதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த ஆறாயிரத்துக்கு ஈடாக ஒன்று கிடைக்கிறது. இயந்திரம் எரிந்தாலும், பழையதாகிப் போனாலும், எங்கள் தொழில் தளர்ந்தாலும் கடன் சுமை எங்கள்மீது நிற்காது. நிதி நிறுவன லீஸோ வாடகையின் விலையைக் கேட்டுக்கொண்டு, கடனின் சுமையையும் சேர்த்தே தந்தது.

நிதி நிறுவனத்தால் முடியாதது விநியோகஸ்தரால் எப்படி முடிகிறது? அவருக்கு அந்த இயந்திரம் விலைப்புள்ளியைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. பழுதுபார்க்கும் பொறியாளர்கள் அவருடைய சம்பளக்காரர்கள். மூன்று ஆண்டு ஓடிய இயந்திரத்தைச் சீர்செய்து யாருக்கு விற்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும். பொருளை அறிந்தவரால்தான் பொருளின் இழப்பைத் தாங்க முடியும். ஆகவே லீஸ் தேடுவோர் முதலில் பணத்தை வைத்திருப்பவரிடம் போகாமல், அந்தப் பொருளை வைத்துத் தொழில் செய்பவரிடம் போக வேண்டும் என்பதே எங்கள் அனுபவம்.

வரிச் சலுகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லீஸ் வாடகை முழுவதையும் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைக்கலாம் என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வார்கள். முழுக் கணக்கு எழுதி வரி கட்டுபவர்களுக்கு அது சரி. ஆனால் ஆண்டு வரவு 50 லட்சத்துக்கு உட்பட்ட மருத்துவர்கள் பலரும் வரவில் பாதியை வருமானமாகக் காட்டும் எளிய முறையில் வரி கட்டுகிறோம். அம்முறையில் வாடகை, வட்டி, தேய்மானம் எதையும் தனியே கழிக்க முடியாது. மேலும் மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால், வாடகையின்மேல் நாம் கட்டும் ஜி.எஸ்.டி.யைத் திரும்பப் பெறவும் வழியில்லை. அது நமக்கு முழுச் செலவு. ஆகவே வாடகையை ஒப்பிடும்போது வரியையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

எங்கள் மாத வரவில் இது தாங்குமா என்பதையும் பார்த்தோம். ஒரு ஸ்கேனுக்கு 700 ரூபாய் பெறுகிறோம். மாதம் 45 ஸ்கேன்கள் வாடகையை ஈடுகட்டிவிடும். முன்பு நடந்த 90-இல் பாதி நடந்தாலும் நிற்கும் என்று தெரிந்த பின்னரே கையொப்பமிட்டோம்.

ஏழாம் மாதத்தில்

ஒப்பந்தம் காகிதத்தில் நன்றாக இருப்பது வேறு, பழுது வரும்போது நிற்பது வேறு. ஏழாம் மாதத்தில் வயிற்று ஸ்கேனுக்குரிய வளைமுகப் புரோபின் படத்தில், மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு விழத் தொடங்கியது. ஜெல் போதாவிட்டாலும் இப்படித் தெரியும். ஆனால் புரோபை எங்கு வைத்தாலும் கோடு அதே இடத்திலேயே நின்றால், உள்ளிருக்கும் படிகங்கள் சில செயலிழந்திருக்கின்றன என்று பொருள். புதிய புரோபின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டும்.

விநியோகஸ்தரின் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, கீழே விழுந்திருக்கலாம் என்றார். விழுந்திருந்தால் அது எங்கள் பொறுப்பு. இயந்திரத்தைப் பெற்ற நாளில் ஒவ்வொரு புரோபின் முகப்பையும் வடத்தையும் இரு தரப்பினர் முன்னிலையில் படமெடுத்துக் கையொப்பமிட்டு வைத்திருந்தோம். அதன் பின் மாதந்தோறும் நாங்களே எடுத்த படங்களும் இருந்தன. உறையில் கீறலோ விரிசலோ இல்லை. வடத்தில் முறிவும் இல்லை. அவர் அவற்றைப் பார்த்து, இயல்பான தேய்மானமே என்று ஒப்புக்கொண்டார். மாற்றுப் புரோப் வர ஒன்பது நாட்களாயின. முதல் மூன்று நாட்கள் போக ஆறு நாட்களுக்கு, நாளொன்றுக்கு 1,050 ரூபாய் வீதம் 6,300 ரூபாய் அம்மாத வாடகையில் கழிக்கப்பட்டது. நிதி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டிருந்தால், புரோபின் பொறுப்பும் அந்த ஒன்பது நாள் வாடகையும் எங்கள்மீதே விழுந்திருக்கும்.

கடனை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கட்டளையிடுவதன் பயனை அன்று கண்கூடாகக் கண்டோம். அமானிதம் என்பது மனத்தில் இருந்தால் மட்டும் போதாது; அதற்குப் பதிவும் வேண்டும். அந்தப் படங்கள் எங்களை மட்டுமல்ல, அவரையும் பாதுகாத்தன. புரோப் உண்மையிலேயே எங்கள் கைதவறி விழுந்திருந்தால் அதையும் அவை காட்டியிருக்கும்.

லீஸ் தாள் ஒன்று கையில் வைத்திருக்கும் சகோதரர்களும் சகோதரிகளும் வாடகைத் தொகையைப் பார்க்குமுன் நான்கு இடங்களைத் தேடிப் படியுங்கள். பொருள் தானாக அழிந்தால் இழப்பு யாருக்கு? வாடகை எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? பெரும் பழுது யார் செலவு, பழுதான நாட்களுக்கு வாடகை உண்டா? தாமதத்துக்குக் கூடுதல் பணம் உண்டா, அது யாருக்குச் சேர்கிறது? இந்நான்குக்கும் உரிய வரிகளைக் கோடிட்டு, உங்கள் ஊர் ஆலிமிடம் கொண்டுசெல்லுங்கள். வரைவின் முழுப் பிரதியைக் கையொப்பத்துக்கு முன் தர மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

நம் சம்பாத்தியத்தை அல்லாஹ் தூய்மையாக்கி, அதில் பரக்கத் செய்வானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.